ஸ்பானிய வினைச்சொல்லின் இறுதி ஒலி: நிகழ்கால விகுதிகள் ஓர் அறிமுகம்

ஸ்பெயினில் வசிக்கும் ஒவ்வொருவரும் தாம் வழக்கமாக வசிக்கும் ஊரின் நகரசபைப் பதிவேட்டில் தமது பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்பதிவேடு ‘பத்ரோன்’ எனப்படும். பதிவுக்காகக் கருமபீடத்தின் முன் நிற்பவரிடம் உத்தியோகத்தர் கேட்கும் கேள்விகள் நீளமானவை அல்ல. எங்கே வசிக்கிறீர்கள், யாருடன் வசிக்கிறீர்கள், வேலை செய்கிறீர்களா, ஸ்பானியம் பேசுகிறீர்களா என்பன போன்றவையே அவை. இவற்றுக்கு விடையளிக்க மூன்று நான்கு வினைச்சொற்கள் போதுமானவை. எனினும் அவ்வினைச்சொற்களின் இறுதி ஒலி பிசகினால் விடை வேறொருவரைப் பற்றியதாகிவிடும். ஸ்பானியத்தை முதன்முறையாகக் கற்போருக்காக அவ்விறுதி ஒலிகள் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

ஸ்பானியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. அவற்றை வாசிக்கும் முறையை முதலில் அறிதல் நலம். அழுத்திச் சொல்ல வேண்டிய அசை நெடிலாகவும், அழுத்தமில்லாத அசை குறிலாகவும் எழுதப்பட்டுள்ளன. சொல்லின் இறுதியில் ‘ஒ’ என்னும் குறில் வருவது தமிழ்க் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும். ஆயினும் அதைக் குறிலாகவே சொல்ல வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. அது பின்னர் கூறப்படும். பாடத்தில் வரும் வினைச்சொற்களில் உள்ள ‘ப’ எழுத்தைக் ‘கோபம்’ என்ற சொல்லில் ஒலிப்பது போல மென்மையாக ஒலிக்க வேண்டும். ‘பத்ரோன்’, ‘எஸ்பன்யோல்’ ஆகிய பெயர்ச்சொற்களில் மட்டும் ‘பால்’ என்பதில் உள்ள வல்லின ‘ப’ வரும்.

ஸ்பானிய அகராதியில் வினைச்சொற்கள் மூன்று முடிவுகளில் ஒன்றைப் பெற்றிருக்கும். ‘த்ரபஹார்’ என்றால் வேலை செய்தல். இது ‘ஆர்’ என முடிகிறது. ‘கொமேர்’ என்றால் உண்ணுதல்; இது ‘ஏர்’ என முடிகிறது. ‘பிபீர்’ என்றால் வசித்தல் அல்லது வாழ்தல்; இது ‘ஈர்’ என முடிகிறது. இந்த முடிவைக் களைந்துவிட்டால் எஞ்சுவது பகுதி. அப்பகுதியுடன் யார் செய்கிறார் என்பதைக் காட்டும் விகுதியைச் சேர்த்தால் நிகழ்கால வினை கிடைத்துவிடும்.

பகுதியுடன் விகுதி சேர்வது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. ‘வசிக்கிறேன்’ என்றால் ‘நான்’ என்று சொல்லாமலே பேசுபவர் யாரெனத் தெரிந்துவிடுகிறது. ‘வசிக்கிறோம்’ என்றால் ‘நாங்கள்’ என்பது தேவையில்லை. ஸ்பானியமும் இவ்வாறே இயங்குகிறது. அம்மொழியில் ‘நான்’ என்பதற்கு ‘யோ’ என்ற சொல் உண்டு. ஆனால் இயல்பான பேச்சில் அது பெரும்பாலும் விடப்படும். எழுவாய் தோன்றாத இடத்தில் யார் என்பதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் விகுதியிடம் வந்துசேர்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தமிழில் காலத்தைக் காட்ட ‘கிறு’ என்னும் இடைநிலையும், ஆளைக் காட்ட ‘ஏன்’ என்னும் விகுதியும் தனித்தனியே நிற்கின்றன. ஸ்பானியத்தில் இவ்விரண்டு பணிகளையும் பெரும்பாலும் ஒரே உயிரொலி செய்துவிடுகிறது. ஆகவே அந்த ஒலியை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

‘த்ரபஹார்’ என்பதிலிருந்து ‘ஆர்’ நீக்கப்பட்டபின் வரும் ஆறு வடிவங்கள் பின்வருமாறு:

த்ரபாஹொ – (நான்) வேலை செய்கிறேன்
த்ரபாஹஸ் – (நீ) வேலை செய்கிறாய்
த்ரபாஹ – (அவன், அவள், அவர்) வேலை செய்கிறார். மரியாதையாக விளிக்கப்படும் ஒருவர் வேலை செய்கிறீர்கள்
த்ரபஹாமொஸ் – (நாங்கள், நாம்) வேலை செய்கிறோம்
த்ரபஹாய்ஸ் – (நெருக்கமான பலரை நோக்கி, நீங்கள்) வேலை செய்கிறீர்கள்
த்ரபாஹன் – (அவர்கள்) வேலை செய்கிறார்கள். மரியாதையாக விளிக்கப்படும் பலர் வேலை செய்கிறீர்கள்

மூன்றாவது வடிவத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழர் தடுமாறும் இடம் இதுவே. தமிழில் ஒருவரை மதித்துப் பேசும்போது பன்மை விகுதியைப் பயன்படுத்துகிறோம். எதிரே ஒருவரே இருந்தாலும் ‘செய்கிறீர்கள்’ என்கிறோம். ஸ்பானியத்தில் மதிப்பைக் காட்டும் வழி வேறு. எதிரே இருப்பவரை ‘உஸ்தேத்’ என விளித்து, வினையைப் படர்க்கை ஒருமையில் வைப்பார்கள். எதிரில் நிற்பவரைப் பார்த்தே ‘எங்கே வசிக்கிறார்?’ என்று கேட்பது போன்றது இது. ‘உஸ்தேத்’ என்ற சொல் ‘தங்கள் அருள்’ என்ற பொருளுடைய ஒரு பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவானது. அருளை விளித்தால் வினை படர்க்கையில்தானே வரவேண்டும்? பழைய தமிழ்க் கடிதங்களில் ‘தங்கள் சமூகத்துக்கு’ என்று எழுதிய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இம்முறை விந்தையாகத் தோன்றாது.

இதன் விளைவு யாதெனில், உத்தியோகத்தரின் கேள்வி ஒரு விகுதியிலும் அதற்குரிய விடை மற்றொரு விகுதியிலும் அமைகின்றன. அவர் ‘த்ரபாஹ உஸ்தேத்?’ என்று கேட்பார். விடை ‘த்ரபாஹொ’ என்று இருக்க வேண்டும். காதில் விழுந்த சொல்லையே திருப்பிச் சொல்லுதல் புதிதாகக் கற்போரின் இயல்பு. அவ்வாறு ‘த்ரபாஹ’ என்று விடையளித்தால் ‘அவர் வேலை செய்கிறார்’ என்பதே பொருள். யார் அந்த ‘அவர்’ என்று உத்தியோகத்தர் விழிப்பார். ஸ்பெயினில் ‘உஸ்தேத்’ இன்றி, நெருக்கமான ‘தூ’ என்ற நிலையில் பேசும் உத்தியோகத்தர்களும் உண்டு. அவர்களுடைய கேள்வி ‘த்ரபாஹஸ்?’ என வரும். அதில் அவமதிப்பு எதுவுமில்லை; அந்நாட்டு வழக்கு அது. கேள்வி எவ்வாறு வந்தாலும் தம்மைப் பற்றிய விடை ‘ஒ’ என்றே முடியும்.

ஸ்பானியக் கேள்விகளில் தமிழின் ‘ஆ’ போன்ற வினா எழுத்து கிடையாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘செய்கிறீர்களா’ என்பதில் உள்ள ‘ஆ’வைத் தேடிக் காத்திருப்பவர், கேட்கப்பட்டது கேள்வி என்பதையே அறியாமல் இருந்துவிடக்கூடும். ஆம், இல்லை என்று விடை வேண்டும் கேள்வியில் குரல் இறுதியில் உயரும்; அவ்வளவே அடையாளம்.

இனி ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கணவருடனும் மகனுடனும் வசிக்கும் ஒரு பெண்மணி பதிவுக்காகக் கருமபீடத்துக்கு வந்திருக்கிறார் எனக் கொள்க. அவர் வேலைக்குச் செல்வதில்லை. கணவர் ஒரு விடுதியில் வேலை செய்கிறார். உரையாடல் இவ்வாறு நிகழ்கிறது.

“கொன் கியேன் பீபெ உஸ்தேத்?” (யாருடன் வசிக்கிறீர்கள்?)

“பீபொ கொன் மி மரீதொ இ மி ஈஹொ.” (என் கணவருடனும் என் மகனுடனும் வசிக்கிறேன்.)

“த்ரபாஹ உஸ்தேத்?” (வேலை செய்கிறீர்களா?)

“நோ, நொ த்ரபாஹ.”

முதல் விடை பிழையற்றது. இரண்டாம் விடையில் அவர் சொல்ல விரும்பியது ‘இல்லை, நான் வேலை செய்வதில்லை’ என்பதாகும். சொன்னதோ ‘இல்லை, அவர் வேலை செய்வதில்லை’ என்பது. சற்றுமுன் கணவரைக் குறிப்பிட்டிருப்பதால், வேலை இல்லாதவர் கணவர் என்று உத்தியோகத்தர் புரிந்துகொள்ள இடமுண்டு. முதல் விடையில் ‘ஒ’ விகுதியைச் சரியாகச் சொன்னவர் இரண்டாவதில் ஏன் தவறினார்? கேள்வியின் ஒலியை அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று இருக்கலாம். ஸ்பானியப் பெயர்ச்சொற்களில் ‘ஒ’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்றும், ‘அ’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்றும் முதல் வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். மகன் ‘ஈஹொ’, மகள் ‘ஈஹ’. அந்த விதியை வினைச்சொல்லுக்கும் நீட்டி, பெண்ணாகிய தாம் ‘த்ரபாஹ’ என்றே சொல்ல வேண்டும் எனக் கருதிவிடுவோர் உண்டு.

இது முற்றிலும் தவறான எண்ணம். வினையின் இறுதியிலுள்ள ‘ஒ’ ஆணைக் குறிப்பதன்று, பேசுபவரைக் குறிப்பது. ‘அ’ பெண்ணைக் குறிப்பதன்று, பேசப்படுபவரைக் குறிப்பது. ஆணாயினும் பெண்ணாயினும் தம்மைப் பற்றிச் சொல்லும்போது ‘த்ரபாஹொ’ தான். தமிழில் ‘செய்கிறேன்’ என்பதற்கு ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லாதது போலவே இதுவும். சொல்லப்போனால் இவ்விடத்தில் ஸ்பானியம் தமிழைவிட எளியது. தமிழில் படர்க்கையில் செய்கிறான், செய்கிறாள், செய்கிறார், செய்கிறது என நான்கு வடிவங்களைக் கற்கவேண்டும். ஸ்பானியத்தில் அவை அனைத்துக்கும் ‘த்ரபாஹ’ ஒன்றே போதும்.

அப்பெண்மணியின் சரியான விடை இதுவாகும்: “நோ, நொ த்ரபாஹொ. மி மரீதொ த்ரபாஹ என் உன் ஒத்தேல்.” அதாவது, ‘இல்லை, நான் வேலை செய்வதில்லை. என் கணவர் ஒரு விடுதியில் வேலை செய்கிறார்.’ ஒரே வினை இருமுறை வருகிறது. இறுதி உயிரொலி மட்டுமே மனைவியையும் கணவரையும் பிரித்துக் காட்டுகிறது.

இறுதி ‘ஒ’ ஏன் குறிலாக இருக்க வேண்டும் என்பதற்கான காரணமும் இங்கேதான் உள்ளது. தமிழ்ச் சொற்களின் இறுதியில் ‘ஒ’ குறில் வருவதில்லையாதலால், நம் நாக்கு அதைத் தானாகவே ‘ஓ’ என நீட்டிவிடும். ‘த்ரபாஹொ’ என்பதில் அழுத்தம் நடு அசையில் உள்ளது. அதை இறுதிக்கு மாற்றி ‘த்ரபஹோ’ என்று சொன்னால், அது ஸ்பானியத்தில் வேறொரு சொல். ‘அவர் வேலை செய்தார்’ என்ற இறந்தகாலப் பொருளை அது தரும். ஒரு நெடிலால் ஆளும் மாறுகிறார், காலமும் மாறுகிறது. ‘ஆப்லொ’ (பேசுகிறேன்), ‘அப்லோ’ (அவர் பேசினார்) என்பனவும் இவ்வாறே. ஆகவே முதலில் பகுதியை அழுத்திச் சொல்லி, விகுதியை இலேசாக விட்டுவிடப் பழகுதல் வேண்டும். ஆறு வடிவங்களில் நான்கில் அழுத்தம் பகுதியின் மீதே விழுகிறது. ‘நாங்கள்’ என்பதற்கும், நெருக்கமானோரைக் குறிக்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உரிய வடிவங்களில் மட்டும் அது விகுதிக்கு நகர்கிறது: த்ரபாஹொ, ஆனால் த்ரபஹாமொஸ்.

‘ஆர்’ வகையை அறிந்தவருக்கு மற்ற இரண்டு வகைகளும் கடினமல்ல. ‘நான்’ என்பதற்குரிய ‘ஒ’ மூன்று வகைக்கும் பொது. ஏனையவற்றில் ‘அ’ இருந்த இடத்தில் ‘எ’ வருகிறது. ‘கொமேர்’ என்பதன் வடிவங்கள் கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென் என்பனவாம். ‘பிபீர்’ என்பதன் வடிவங்கள் பீபொ, பீபெஸ், பீபெ, பிபீமொஸ், பிபீஸ், பீபென் என்பனவாம். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், நான்காவதும் ஐந்தாவதும் மட்டுமே வேறுபடுவது தெரியும். ‘ஏர்’ வகையில் ‘ஏமொஸ்’, ‘ஏய்ஸ்’. ‘ஈர்’ வகையில் ‘ஈமொஸ்’, ‘ஈஸ்’. அகராதி வடிவத்தில் இருந்த உயிரொலி ‘நாங்கள்’ என்னும் வடிவத்தில் மீண்டும் வந்துவிடுகிறது என நினைவிற் கொண்டால் போதும். ‘பிபேமொஸ்’ என்பது கற்போர் அடிக்கடி செய்யும் பிழை; அப்படியொரு நிகழ்கால வடிவம் இல்லை.

ஐந்தாவது வடிவத்தைப் பற்றி ஒரு சொல். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நண்பர்கள், பிள்ளைகள் போன்ற நெருக்கமான பலரை ‘பொஸோத்ரொஸ்’ என்று விளித்து ‘த்ரபஹாய்ஸ்’ என்பார்கள். கனேரித் தீவுகளிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இது பொதுவாக வழக்கில் இல்லை. அங்கே பலரை எப்போதும் ‘உஸ்தேதெஸ்’ என விளித்து ஆறாவது வடிவத்தையே பயன்படுத்துவர். முதலில் கற்பவர் ஐந்தாவது வடிவத்தைக் கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிந்திருந்தாற் போதுமானது. தாம் பேசுவதற்கு ஆறாவது வடிவம் எங்கும் உதவும்.

ஆறாவது வடிவத்தின் இறுதியில் உள்ள ‘ன்’ மெய்யை ஒலிப்பதில் தமிழர் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும். பேச்சுத் தமிழில் சொல்லின் இறுதி ‘ன்’ பெரும்பாலும் தேய்ந்து மூக்கொலியாகிவிடுகிறது. ‘வந்தான்’ என்று எழுதுகிறோம். பேசும்போது நாக்கு அந்த ‘ன்’னைத் தொடுவதில்லை. அதே பழக்கத்தில் ‘பீபென்’ என்று சொன்னால் கேட்பவர் காதில் ‘பீபெ’ என்றே விழலாம். பலர் வசிக்கிறார்கள் என்பது ஒருவர் வசிக்கிறார் என்றாகிவிடும். நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறம் தொட்டு நிற்கும்வரை ‘ன்’னை முடிக்கலாகாது. மறுபுறம், ‘ன்’ அல்லது ‘ஸ்’ மெய்யின் பின் ‘உ’ சேர்த்துச் சொல்லும் பழக்கமும் தவிர்க்கத்தக்கது.

வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி வரும்போது இந்த விகுதிகளின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். மேற்கூறிய பெண்மணி “என் காஸ பிபீமொஸ் த்ரேஸ்” என்றால் ‘வீட்டில் நாங்கள் மூவர் வசிக்கிறோம்’ என்று பொருள். இங்கே ‘என்’ என்பது ‘இல்’ என்னும் வேற்றுமைப் பொருளைத் தரும் ஸ்பானியச் சொல். ‘காஸ’ என்பது வீடு. அவரே “என் காஸ பீபென் த்ரேஸ்” என்றால் ‘வீட்டில் மூவர் வசிக்கிறார்கள்’ என்றாகும். அம்மூவருள் பேசுபவர் அடங்குவாரா என்பது அச்சொல்லில் இல்லை. அவரையும் சேர்த்து நால்வரா என்று உத்தியோகத்தர் மீண்டும் கேட்க நேரும். ஒரே வீட்டில் வசிப்போர் யாவர் என்பது பதிவுக்குரிய செய்தியாதலால், தம்மையும் சேர்த்துச் சொல்லும்போது ‘மொஸ்’ என்னும் முடிவு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

விகுதி நினைவுக்கு வராதபோது சிலர் அகராதி வடிவத்தையே சொல்லிவிடுவர். ‘பிபீர் அக்கீ’ என்றால் ‘இங்கே வசித்தல்’ என்பது போல ஒலிக்கும். கேட்பவர் ஊகித்துக்கொள்வார், யார் என்பது மட்டும் தெரியாது. அத்தகைய நேரத்தில் ‘யோ’ என்பதை முன்னே சேர்த்துச் சொல்வது உதவும். இலக்கணப் பிழை நீங்காவிடினும் ஆள் மாறாட்டம் நேராது. உண்மையில், விகுதியில் ஐயம் உள்ளவரை ‘யோ பீபொ அக்கீ’ என்று எழுவாயுடன் சொல்லிப் பழகுவதில் குற்றமில்லை.

இவ்விதிகள் எல்லா வினைகளுக்கும் பொருந்துவன அல்ல. ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய ‘ஸேர்’, ‘உடைத்தாயிருத்தல்’ என்னும் பொருளுடைய ‘தெனேர்’, ‘போதல்’ என்னும் பொருளுடைய ‘ஈர்’ ஆகியவை தனிவழி செல்வன. அவற்றை இம்முறையில் மாற்ற முயல்வது வீண். தனியே மனனம் செய்ய வேண்டும். மற்றோர் எச்சரிக்கையும் தேவை. படிவத்தை நீட்டி உத்தியோகத்தர் “ஃபீர்மெ அக்கீ” என்று சொல்லக்கூடும். கையொப்பமிடுதல் ‘ஃபிர்மார்’ என்ற ‘ஆர்’ வகை வினையாயிற்றே, ‘எ’ எங்கிருந்து வந்தது என்று கற்பவர் குழம்பலாம். அது நிகழ்கால வினையன்று. ‘இங்கே கையொப்பமிடுங்கள்’ என்னும் ஏவல். ஏவலில் உயிரொலிகள் இடம் மாறும். அதை இப்போதைக்குக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். எங்கே கையொப்பமிடுவது என்று தாமே கேட்க விரும்புபவர் இப்பாடத்தின் விதிப்படி “ஃபீர்மொ அக்கீ?” என்று கேட்கலாம்.

பயிற்சி

விடைகளைப் பார்க்குமுன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும்.

1. ‘எஸ்க்ரிபீர்’ என்றால் எழுதுதல். ‘எழுதுகிறோம்’ என்பதை எவ்வாறு சொல்வது?

2. ‘பெபேர்’ என்றால் குடித்தல். ‘குடிக்கிறேன்’, ‘குடிக்கிறோம்’ ஆகிய இரண்டையும் சொல்க.

3. உத்தியோகத்தர் “ஆப்ல எஸ்பன்யோல்?” என்று ஒரு பெண்மணியிடம் கேட்கிறார். ‘ஆம், பேசுகிறேன்’ என்று அவர் எவ்வாறு விடையளிப்பார்? ‘ஆம்’ என்பதற்கு ‘ஸீ’ என்பர்.

4. ஒருவர் தம் மகனையும் மகளையும் பற்றி ‘இங்கே வசிக்கிறார்கள்’ என்று சொல்ல விரும்பி “பீபெ அக்கீ” என்கிறார். விடுபட்டது எது?

5. ஒருவர் தம் வேலையைப் பற்றி “த்ரபஹோ என் உன் ஒத்தேல்” என்கிறார். கேட்பவர் என்ன புரிந்துகொள்வார்?

விடைகள்: 1. எஸ்க்ரிபீமொஸ். 2. பேபொ, பெபேமொஸ். 3. “ஸீ, ஆப்லொ.” பெண்ணாயினும் ‘ஒ’ விகுதியே. 4. இறுதி ‘ன்’, “பீபென் அக்கீ” என்பதே சரி. 5. வேறொருவர் ஒரு விடுதியில் வேலை செய்தார் என்று புரிந்துகொள்வார். அழுத்தத்தை நடு அசைக்கு மாற்றி “த்ரபாஹொ” என்று சொல்ல வேண்டும்.